மனக்கணக்கு எந்த மொழியில் ஓடுகிறது? ஸ்கேனர், ஒளித் தொப்பி, கடிகாரம்: எதைத் தேர்வது

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, வகுப்பில் தமிழில் கணக்குப் போடும் பிள்ளைகள் ஏராளம். அவர்களைப் பார்க்கும் ஆசிரியருக்கும், கல்வியியல் அல்லது உளவியல் ஆய்வு மாணவருக்கும் இயல்பாக எழும் கேள்வி: ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய் சொல்லும்போது, உள்ளே ஓடுவது தமிழா, தெலுங்கா? அடுத்த ஆசை, "பெங்களூரு பக்கத்தில்தானே இருக்கிறது, மூளையை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாமே" என்பது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆசை நியாயமானது. ஆனால் பணத்தையும் பிள்ளைகளின் ஒரு நாளையும் செலவழிக்கும் முன், அந்த இயந்திரம் எதை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எஃப்.எம்.ஆர்.ஐ. எனும் செயல்பாட்டுப் படமெடுப்பு. இரண்டாவது, அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் தலைக்குள் செலுத்தி அளக்கும் தொப்பி. இதைப் பள்ளிக்கே கொண்டுபோகலாம். மூன்றாவது, ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன், விடை சொல்ல ஆகும் நேரத்தை மில்லி வினாடியில் எழுதும் மென்பொருள். முதல் இரண்டும் அளப்பது ஒரே பொருளை: இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை. மூன்றாவது மூளையைப் பார்ப்பதே இல்லை.

அளக்கப்படுவது சிந்தனை அல்ல, அதன் பின்னால் வரும் இரத்தம்

ஆக்சிஜனை இறக்கிவைத்துவிட்ட ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அப்படிக் குலைக்காது. இதை 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கொரியெலும் கண்டுபிடித்தார்கள். 1990இல் செய்ஜி ஒகாவா குழுவினர் எலி மூளையில் இந்த வேறுபாட்டைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். 1992இல் மனித மூளையிலும் அது கைகூடியது.

வேடிக்கை என்னவென்றால், மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. 1986இல் ஃபாக்ஸும் ரைக்லேயும் விரல்களைத் தூண்டி அளந்தபோது, அந்தப் பகுதிக்கான இரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்சிஜன் செலவு 5 சதவீதம்தான் கூடியது. ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மதகைத் திறந்தால் தேவைக்கு மேல் பாய்வதைப் போல, மூளையும் தாராளமாகவே அனுப்புகிறது. அதனால் அங்கே ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்பட்டு, காந்தக் குலைவு குறைந்து, சிக்னல் ஏறுகிறது. படத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஒளிர்வது இந்த மிச்ச இரத்தம்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, தாமதம். நரம்பணுக்கள் வேலையைத் தொடங்கி ஓரிரு வினாடி கழித்துத்தான் சிக்னல் ஏறத் தொடங்கும். ஐந்தாறு வினாடியில் உச்சிக்குப் போய், இறங்கி, அடிமட்டத்துக்கும் கீழே சற்றுத் தாழ்ந்து, பழைய நிலைக்குத் திரும்பப் பதினைந்து, இருபது வினாடி ஆகிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏழெட்டுக்கு விடை சொல்ல ஒன்றரை வினாடி போதும். கேள்வியைக் கேட்டது, மொழி மாற்றியது, நினைவிலிருந்து எடுத்தது, வாய்க்கு அனுப்பியது எல்லாம் அந்த ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடுகின்றன. இரத்தம் வந்து சேரும்போது இவை எல்லாம் கலந்து ஒரே மேடாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பருமன். ஸ்கேனர் மூளையைச் சிறு கனசதுரங்களாக வெட்டி அளக்கிறது. அதற்கு வாக்சல் என்று பெயர். பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு வாக்சல் 27 கன மில்லிமீட்டர். அதற்குள் பல லட்சம் நரம்பணுக்கள். அவற்றில் ஒரு கூட்டம் தமிழுக்கும் மற்றொரு கூட்டம் தெலுங்குக்கும் வேலை செய்தாலும், வாக்சலுக்குக் கிடைப்பது ஒரே எண். அணுக்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றனவா, அடக்குகின்றனவா என்பதும் அந்த எண்ணில் இருக்காது. இரண்டுக்கும் சக்தி செலவாகும், இரண்டுக்கும் இரத்தம் வரும்.

முதல் வழி: பெங்களூரு ஸ்கேனர்

உள்ளூர் ஸ்கேன் மையத்திலேயே முடித்துவிடலாமே என்று கேட்பார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது 1.5 டெஸ்லா இயந்திரம். அதிலும் இந்தச் சிக்னல் கிடைக்கும், ஆனால் 3 டெஸ்லாவில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதைவிடப் பெரிய தடை, படுத்திருப்பவருக்குக் கணக்கைக் காட்டும் கண்ணாடி அமைப்பும், காந்தத்துக்குள் வைக்கக்கூடிய பொத்தானும், ஸ்கேனின் ஒவ்வொரு துடிப்போடும் கணினியை ஒத்திசைக்கும் இணைப்பும் நோயாளிகளுக்கான மையங்களில் இருக்காது. இவையெல்லாம் உள்ள ஆய்வு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். நிம்ஹான்ஸ் போன்ற இடங்கள் நினைவுக்கு வருவது அதனால்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 வினாடி கணக்கு, 16 வினாடி ஓய்வு என்று 12 சுற்று வைத்தால் 432 வினாடி, அதாவது 7 நிமிடம் 12 வினாடி. இரண்டு வினாடிக்கு ஒரு முழு மூளைப் படம் என்றால் மொத்தம் 216 படங்கள்: கணக்கு நேரத்தில் 120, ஓய்வில் 96. ஒரு வாக்சலின் சராசரி அளவு 1,000 என்று வையுங்கள். மனக்கணக்கு போன்ற வேலைக்குக் கிடைக்கும் ஏற்றம் அரை சதவீதம் அளவில்தான் இருக்கும், அதாவது 5. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் வெறும் இரைச்சலே 10 அளவுக்கு ஏறி இறங்கும்.

ஆகவே ஒரே ஒரு கணக்கை எடுத்துப் "பார், இப்போது யோசிக்கிறான்" என்று காட்ட முடியாது. 5ஐ 10 மூடிவிடும். 120 படங்களின் சராசரியிலிருந்து 96 படங்களின் சராசரியைக் கழிக்கும்போதுதான் இரைச்சல் 1.4 அளவுக்குச் சுருங்கி, 5 என்ற ஏற்றம் அதைவிட மூன்றரை மடங்காகத் தலை தூக்கும். நடைமுறையில் அடுத்தடுத்த படங்களின் இரைச்சல் ஒன்றையொன்று ஒட்டியே வருவதால் நிலைமை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். எப்படியானாலும் "கணக்குப் போடும்போது எங்கே ஏறுகிறது" என்ற கேள்விக்கு ஒரு பிள்ளையிடமே விடை கிடைக்கும். இரு பக்கமும் பக்கவாட்டு மடலில் உள்ள பள்ளம் ஒன்று ஏறும். நெற்றிப் பகுதியும் ஏறும். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

நம் கேள்வி அதுவல்ல. தமிழில் கேட்ட கணக்குக்கும் தெலுங்கில் கேட்ட கணக்குக்கும் உள்ள வித்தியாசம் வேண்டும். இரு மொழி பேசுபவரின் மூளையில் இரு மொழிகளும் பெரும்பாலும் ஒரே இடங்களைத்தான் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவே வித்தியாசம் அரை சதவீதமாக இருக்காது. தாராளமாக 0.1 சதவீதம் என்று வைத்தால், அளவு 1. அந்த 120 படங்களைத் தமிழுக்கு 60, தெலுங்குக்கு 60 என்று பிரித்தால் இரைச்சல் 1.8. தேடுவதைவிட இரைச்சல் பெரிது. 30 பிள்ளைகளைச் சேர்த்தால் இரைச்சல் 0.33க்கு இறங்கி, வித்தியாசம் அதைப்போல மூன்று மடங்காகத் தெரியும் என்று காகிதம் சொல்லும். பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் மாறுபாட்டை அந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் 30 போதாது என்றுதான் நினைத்துத் திட்டமிட வேண்டும்.

வேறொரு ஆபத்தும் உண்டு. 1.3 லிட்டர் மூளையை 27 கன மில்லிமீட்டராக வெட்டினால் ஏறக்குறைய 48,000 வாக்சல்கள். தற்செயலாக ஒளிரும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கறாரான வரம்பை வைத்தாலே, ஒன்றுமே நடக்காத மூளையில் 48 வாக்சல்கள் "ஒளிரும்". நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் 2,400. இதை உலகுக்கு உறைக்கவைத்தது செத்த சால்மன் மீன் ஒன்று. கிரெய்க் பென்னட்டும் உடன் இருந்தவர்களும் அதை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்" என்று முறைப்படி கேட்டார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் சில வாக்சல்கள் ஒளிர்ந்தன. பல சோதனைகளுக்கான திருத்தம் போட்டதும் எல்லாம் அணைந்தன. 2016இல் எக்லுண்டும் சக ஆய்வாளர்களும், திருத்தம் செய்ததாக நம்பப்பட்ட பிரபல மென்பொருள்களில், பக்கத்துப் பக்கத்தில் ஒளிரும் வாக்சல்களைக் கொத்தாக எடுத்துச் சோதிக்கும் முறைகளே சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை பொய் ஒளிர்வு தந்ததைக் காட்டினார்கள். வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: திருத்தம் எந்த முறையில், ஸ்கேனுக்கு முன்பே எழுதிவைத்தீர்களா?

ஒளிர்ந்தாலும் பொருள் வேறாக இருக்கலாம்

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். கைதேர்ந்தவர்களும் சறுக்கும் இடம் இது.

இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், கோண மடிப்பு என்று ஒரு பகுதி உண்டு. வாய்ப்பாட்டை மனப்பாடத்திலிருந்து எடுக்கும்போது அது கூடுதலாக வேலை செய்கிறது என்றும், புதிதாகக் கணக்கிடும்போது மேலே சொன்ன பள்ளமும் நெற்றிப் பகுதியும் கூடுதலாக வேலை செய்கின்றன என்றும் பயிற்சி ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. கோண மடிப்பு மொழியோடும் தொடர்புடையது. ஆகவே, தமிழில் கேட்டபோது அங்கே சிக்னல் கூடினால், "வாய்ப்பாடு தமிழில்தான் பதிந்திருக்கிறது, தெலுங்கில் கேட்டால் மொழிபெயர்த்துக் கணக்கிடுகிறான்" என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

எழுதக் கூடாது. அந்தக் கோண மடிப்பு, நாம் சும்மா கிடக்கும்போது மேலேறி, கடினமான வேலை வந்ததும் கீழே இறங்கும் பகுதிகளில் ஒன்று. ஸ்கேனரில் "ஓய்வு" என்று சொல்லப்படும் 16 வினாடியில் பிள்ளை மதிய உணவைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பான், கோண மடிப்பு உயர்ந்திருக்கும். எளிய கணக்கு வந்தால் சற்று இறங்கும். கடினமான கணக்கு வந்தால் நன்றாக இறங்கும். கடினத்திலிருந்து எளியதைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு, எளிய கணக்கில் அது "கூடுதலாக ஏறியது" போலத் தெரியும். உண்மையில் இரண்டிலும் இறங்கித்தான் இருக்கிறது, ஒன்றில் குறைவாக இறங்கியது, அவ்வளவுதான். தமிழில் கேட்டது எளிதாக இருந்தது என்பதைத் தவிர, நினைவு பற்றியோ மொழி பற்றியோ அது எதையும் நிரூபிக்கவில்லை. எளிதாக இருந்ததா என்பதைக் கடிகாரமே சொல்லியிருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? வித்தியாசப் படத்தை மட்டும் பார்க்காமல், அந்தப் பகுதியின் இரு நிலைகளையும் ஓய்வோடு ஒப்பிட்டுத் தனித்தனியாக வரைந்து பார்க்க வேண்டும். இரண்டும் பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே இருந்தால் கதை மாறிவிடும். ஓய்வுக்குப் பதிலாக, அதே எண்களைக் கேட்டு, கடைசியில் கேட்ட எண்ணுக்குப் பொத்தானை அழுத்தும் எளிய வேலையை வைப்பது இன்னும் நல்லது. அப்போது காது, விரல், எண்ணைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவை கழிந்துபோய், மீதி கணக்கிடுதல் மட்டும் நிற்கும்.

இங்கே உள்ள தர்க்கப் பிழைக்கு 2006இல் ரஸ்ஸல் போல்ட்ராக் ஒரு தெளிவான வாதம் வைத்தார். ஒரு பகுதி நினைவு வேலைக்கு ஒளிர்கிறது என்பதால், அது ஒளிரும்போதெல்லாம் நினைவு வேலைதான் நடக்கிறது என்று திருப்பிப் படிக்க முடியாது. அந்தப் பகுதி எத்தனை வேறு வேலைகளுக்கும் ஒளிர்கிறதோ, அத்தனைக்கு முடிவு பலவீனம். கோண மடிப்போ நினைவு, மொழி, சும்மா கிடத்தல் என்று பலவற்றோடு தொடர்புடையது.

"அப்படியானால் மூளையிலிருந்து வாக்கியங்களையே படித்ததாகச் செய்தி வந்ததே?" என்று கேட்பார்கள். வந்தது உண்மை. 2023இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு இதே இரத்தச் சிக்னலிலிருந்து ஒருவர் கேட்ட கதையின் சாரத்தை மீட்டெடுத்தது. அதற்கு ஒவ்வொருவரும் 16 மணி நேரம் ஸ்கேனருக்குள் கதை கேட்டார்கள். ஒருவரின் தரவில் பழக்கிய கணினி மாதிரி இன்னொருவருக்குச் செல்லவில்லை. கதை கேட்பவர் மனதை வேறு பக்கம் திருப்பினால் கெட்டுப்போனது. கிடைத்ததும் பொருளின் சாரம்தான், சொல்லுக்குச் சொல் அல்ல. எந்த மொழியில் யோசித்தான் என்பது சாரத்துக்கும் கீழே இருக்கும் சங்கதி. எட்டாம் வகுப்புப் பிள்ளையை 16 மணி நேரம் குழாய்க்குள் படுக்கவைக்கவும் எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது.

இரத்தமே வேறாக இருந்தால்

நம் மாவட்டங்களில் இந்த ஆய்வைச் செய்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இரத்தசோகை. சிக்னலே ஹீமோகுளோபினிலிருந்து வருகிறது. 13 கிராம் உள்ள பிள்ளையையும் 9 கிராம் உள்ள பிள்ளையையும் ஒப்பிட்டால், இரண்டாமவருக்கு அதே அளவு இரத்தத்தில் சிக்னலை உண்டாக்கும் பொருளே மூன்றில் ஒரு பங்கு குறைவு. உடல் அதை ஈடுகட்ட மூளைக்குச் செல்லும் ஓட்டத்தை ஏற்கெனவே உயர்த்தி வைத்திருக்கும். நரம்பணுக்கள் ஒரே அளவு உழைத்தாலும் அந்தப் பிள்ளையின் ஏற்றம் சிறியதாகத் தெரியும். "இந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் மூளை மந்தமாகச் செயல்படுகிறது" என்று ஓர் அபாண்டமான முடிவு அதிலிருந்து பிறக்கும். தருமபுரியில் ஃபுளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீர் குடித்த ஊர்களையும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த ஊர்களையும் ஸ்கேனரில் ஒப்பிடலாம் என்று யாராவது யோசித்தால், முதலில் இதை யோசிக்கட்டும்.

ஆகவே இரு குழுக்களை ஒப்பிடுவதைவிட, ஒரே பிள்ளையை இரு நிலைகளில் ஒப்பிடுவதே பாதுகாப்பு. அப்போது ஹீமோகுளோபின் இரு பக்கமும் ஒன்றுதான். குழு ஒப்பீடு தவிர்க்க முடியாதது என்றால், ஒவ்வொருவருக்கும் அதே வாரத்தில் ஹீமோகுளோபின் பரிசோதித்து, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 12 முதல் 14 வயதில் 12 கிராமுக்குக் கீழ் இரத்தசோகை. கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் உடன் இருக்க வேண்டும், அளந்துவிட்டுச் சும்மா இருப்பது முறையல்ல.

காப்பியும் இதே வகைத் தொந்தரவு. காஃபீன் மூளையின் ஓய்வு நேர இரத்த ஓட்டத்தைக் கால் பங்கு அளவுக்குக் குறைக்கக்கூடியது. காலை ஐந்தரைக்கு வேனில் ஏறி, வழியில் சாலையோரக் கடையில் சிலர் காப்பி குடித்து, சிலர் குடிக்காமல் வந்தால் அன்றைய தரவு இரண்டு வகையாகிவிடும். ஒன்று எல்லாருக்கும் தடை, இல்லையென்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு. மூச்சை அடக்குவதும் அப்படித்தான். கடினமான கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையின் இரத்தத்தில் கரியமில வாயு ஏறி, மூளை முழுக்கவே சிக்னல் உயரும். நெஞ்சைச் சுற்றி மூச்சுப் பட்டையைக் கட்டிப் பதிவு செய்தால் பின்னால் கழிக்கலாம்.

ஸ்கேனருக்குப் போகும் நாளுக்கான சின்னச் சின்ன விஷயங்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். காதணி, மூக்குத்தி, ஹேர்பின், கொலுசு மட்டுமல்ல, இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தும் வெள்ளி மணியும் வெளியே வர வேண்டும். அரைஞாணைக் கழற்ற வீட்டில் மறுப்பார்கள். முந்தைய நாளே கேட்டு, உலோகத்தை மட்டும் எடுத்துவிட்டு வெறும் நூலை விட்டுவைக்க ஒப்புதல் வாங்குங்கள். வாசலில் வைத்து வாதாடாதீர்கள்.

இரண்டாம் வழி: ஒளித் தொப்பி

760, 850 நானோமீட்டர் என்பது போல இரு அலைநீளங்களில் ஒளியைத் தலைத்தோலில் செலுத்தி, 3 சென்டிமீட்டர் தள்ளி வெளியே வரும் மிச்ச ஒளியை இந்தத் தொப்பி அளக்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் இறங்கியதும் இரு அலைநீளங்களையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், இரண்டின் மாற்றத்தையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். ஸ்கேனரால் நேரடியாகச் செய்ய முடியாத வேலை இது. வினாடிக்குப் பத்து முறை அளக்கலாம், பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டே விடை சொல்லலாம், சத்தமும் இல்லை. ஆனால் இரத்தம் மெதுவாகத்தான் வரும். வினாடிக்குப் பத்து முறை பார்ப்பதால் அது விரைந்து வந்துவிடாது.

இதன் எல்லை ஆழம். ஒளி தலைத்தோலிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரைதான் போய்த் திரும்பும். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி நன்றாக அகப்படும், அங்கே முடியும் இல்லை. நமக்கு வேண்டிய பக்கவாட்டுப் பள்ளத்தின் விளிம்பு மட்டும் எட்டும், அடி எட்டாது. அதிலும் அந்த இடம் சரியாக இரட்டைச் சடை போடும் இடம். அடர்ந்த கறுப்பு முடியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து ஒளியை விழுங்கிவிடும், அல்லது முனைகளை வழுக்கவைக்கும். முந்தைய மாலை தலைக்குக் குளித்து, மறுநாள் எண்ணெய் வைக்காமல், சடை பின்னாமல் வரச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முனையின் அடியிலும் பிளாஸ்டிக் குச்சியால் முடியை விலக்கித் தோலைத் தொடவைக்க, ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சன்னல் வெயில் பட்டால் கருவி திணறும். தொப்பியின் மேல் கறுப்புத் துணி போடுங்கள்.

நல்ல தரவா என்று அங்கேயே அறிய இரண்டு சோதனைகள் உண்டு. பதிவில் இதயத் துடிப்பு, அதாவது வினாடிக்கு ஒன்றரை முறை அளவில் சிறு அலை, தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முனை தோலைத் தொடவில்லை, அந்தத் தடத்தைத் தூக்கி எறியுங்கள். அடுத்து, மூளை வேலை செய்தால் ஆக்சிஜன் ஏறிய வகை கூடி, இறங்கிய வகை குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் அது தலையசைவு, இல்லையென்றால் பதற்றத்தில் தலைத்தோலுக்குப் பாய்ந்த இரத்தம். தலைத்தோலின் பங்கைக் கழிக்க, 8 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுந்தடங்கள் உள்ள கருவியாகப் பார்த்துக் கேளுங்கள். அவை மூளையைத் தொடாமல் தோலை மட்டும் அளக்கும். குறுந்தடம் இல்லாத கருவியை இரவல் தருவதாகச் சொன்னாலும், குழந்தைகளின் மனக்கணக்குக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆசிரியர் முன்னால் கணக்குப் போடும் பிள்ளைக்கு முதலில் சிவப்பது முகமும் தலைத்தோலும்தான்.

மொழிக் கேள்விக்கு இந்தத் தொப்பி ஸ்கேனரைவிடவும் பலவீனம். உழைப்பு கூடியதா, குறைந்ததா என்பதை வகுப்பறைச் சூழலில் பார்க்க வேண்டும் என்றால் பொருத்தம்.

மூன்றாம் வழி: கடிகாரம்

1999இல் ஸ்தானிஸ்லாஸ் டெஹேன், எலிசபெத் ஸ்பெல்கி குழு ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்குக் கூட்டல் கணக்குகளை ஒரு மொழியில் பழக்கி, இரு மொழிகளிலும் சோதித்தது. துல்லியமான விடை வேண்டிய கணக்குகளில், பழகிய மொழியில் கேட்டால் வேகம், மற்ற மொழியில் கேட்டால் தாமதம். உத்தேச விடை போதும் என்ற கணக்குகளில் அந்த வித்தியாசம் இல்லை. துல்லியக் கணக்கையும் உத்தேசக் கணக்கையும் ஒப்பிட்டு மூளைப் படமும் எடுத்தார்கள். ஆனால் கற்றது மொழியோடு ஒட்டியிருந்ததை அடையாளம் காட்டியது நேர அளவுதான்.

இதை வேப்பனப்பள்ளிப் பள்ளியில் இப்படிச் செய்யலாம். 54 + 48 போன்ற இரட்டை இலக்கக் கூட்டல்கள் 16 எடுத்து, எட்டெட்டாகப் பிரியுங்கள். பாதிப் பிள்ளைகள் முதல் எட்டைத் தமிழிலும் அடுத்த எட்டைத் தெலுங்கிலும் பழகட்டும், மீதிப் பாதி அதை மாற்றிப் பழகட்டும். ஐந்து நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். ஆறாம் நாள் 16 கணக்குகளும் இரு மொழிகளிலும் கலந்து ஹெட்போனில் வரும். திரையில் 102, 92 என்று இரு விடைகள், இரு பொத்தான்கள். உத்தேசப் பகுதிக்கு 100ஆ, 150ஆ என்று கேட்கலாம்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். எண்ணைச் சொல்ல ஆகும் நேரம் மொழிக்கு மொழி மாறும், ஒலிப்பதிவு செய்தவரின் வேகமும் மாறும். ஆகவே கடிகாரத்தைக் கேள்வியின் கடைசி ஒலி முடிந்த நொடியில் தொடங்குங்கள். இன்னும் முக்கியமாக, தமிழ் நேரத்தைத் தெலுங்கு நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். தமிழில் கேட்டபோது, தமிழில் பழகிய எட்டுக்கும் தெலுங்கில் பழகிய எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். தெலுங்குக்கும் அதேபோல. மொழியின் நீளமும் சரளமும் அப்போது தானாகவே கழிந்துவிடும். தவறான விடைகளையும், கால் வினாடிக்கும் குறைவாக வந்த குருட்டு அழுத்தல்களையும் நீக்குங்கள். எல்லாருக்கும் ஒரே மடிக்கணினி, ஒரே விசைப்பலகை.

எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் பழகிய எட்டே வேகமாக வந்தால், புதிதாகக் கற்ற கணக்கு கற்ற மொழியோடு ஒட்டியிருக்கிறது. வித்தியாசமே இல்லை என்றால் பிள்ளைகள் எண்ணாக மாற்றி வைத்திருக்கிறார்கள், அல்லது ஐந்து நாள் போதவில்லை. எது என்று அறிய, பழகாத புதிய எட்டைச் சேர்த்துப் பாருங்கள். பழகியவை புதியவற்றைவிட வேகமாக இல்லை என்றால் பயிற்சியே ஏறவில்லை. மூன்றாம் வகுப்பில் பாட்டியிடம் தெலுங்கில் ஒப்பித்த எக்காலு எனும் வாய்ப்பாடு பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. பழகவைத்த 16 கணக்குகளைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

எதைத் தேர்வது

கேள்வி மொழி பற்றியது என்றால் கடிகாரம். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. வேறு மாவட்டப் பல்கலைக்கழகம் இலவசமாக ஸ்கேன் நேரம் தந்தாலும் இதையே முதலில் செய்யச் சொல்வோம். கடிகாரத்தில் வித்தியாசம் தெரியாத இடத்தில் ஸ்கேனரில் வித்தியாசம் ஒளிர்ந்தால், அதற்கு என்ன பொருள் என்று சொல்ல யாராலும் முடியாது.

கடிகாரத்தில் தெளிவான வித்தியாசம் கிடைத்த பிறகு, "மொழி மாறியபோது ஏற்பட்ட தாமதம் கணக்கிடும் பகுதியில் கூடுதல் உழைப்பாகத் தெரிகிறதா" என்று கேள்வியைச் சுருக்கிக்கொண்டு பெங்களூரு போகலாம். அதற்கு ஸ்கேனர் பொருத்தம். பார்க்கப்போகும் பகுதி முன்பே எழுதப்பட்டிருக்கும், 48,000 வாக்சலில் தேட வேண்டியதில்லை. வகுப்பு நடக்கும்போதே, ஆசிரியர் மொழி மாற்றிப் பேசும்போது நெற்றிப் பகுதியின் உழைப்பு மாறுகிறதா என்பது கேள்வி என்றால், குறுந்தடங்களோடு ஒளித் தொப்பி.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும்போது, "சார், எம்பையன் மனசுல என்ன இருக்குன்னு இதுல தெரிஞ்சிருமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். படிவத்தில் எளிய தமிழிலும், தேவையான வீடுகளுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதை எழுதிவிடுங்கள்: "உங்கள் பிள்ளை என்ன நினைக்கிறான் என்பது இதில் தெரியாது. கணக்குப் போடும்போது தலையின் எந்தப் பக்கத்துக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது என்பது மட்டும், பல பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். படத்தில் மருத்துவர் ஏதேனும் கவனித்தால் உங்களிடம் மட்டும் சொல்வோம். பாதியில் வேண்டாம் என்றால் அவனே பொத்தானை அழுத்தி நிறுத்தலாம்."